மாடிப்படி பதினேழு

என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் அவளுடைய டீச்சர் பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்தினார். "பிள்ளை ரெண்டு வாரமா நுனிக்கால்லயே நடக்கா. வீட்ல கவனிச்சீங்களா?" என்று கேட்டார்.

நான் கவனித்திருக்கவில்லை. வீட்டில் இன்னொரு ஜோடிக் கால்களைத்தான் நான் காலை முதல் இரவு வரை கவனித்துக்கொண்டிருந்தேன். மகனுக்கு அப்போது மூன்று வயது. மூளைவாதம். கெண்டைக்கால் தசை இறுகி, குதிகால் தரையைத் தொடாமல், கையைப் பிடித்து நிறுத்தினால் விரல் நுனியில் நிற்பான். அதனால் டீச்சர் சொன்ன அந்த 'நுனிக்கால்' என்ற வார்த்தை எனக்கு வயிற்றைக் கலக்கியது. இவளுக்கும் வந்துவிட்டதா? எட்டு வயதில் அப்படி வராது என்று எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன், நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனாலும் பயம் வந்துவிட்டது.

வியாழக்கிழமை மகனை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகும்போது அவளையும் கூட்டிப்போனேன். பிசியோ அக்கா (நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்) அவளைப் பாயில் படுக்கவைத்து, முழங்காலை நீட்டியபடி பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பார்த்தார். தடங்கலே இல்லாமல் மேலே வந்தது. மகனுக்கு அந்த இடத்தில் பாதி தூரத்திலேயே கதவு தாழிட்ட மாதிரி நின்றுவிடும். பிறகு அவளைக் குத்தவைத்து உட்காரச் சொன்னார். இரண்டு குதிகாலும் தரையில் பதிந்தன. அடுத்து ஒரு பந்தை எடுத்து வராந்தாவில் உருட்டிவிட்டு, "ஓடிப் போய் எடுத்துட்டு வா" என்றார். முழுப் பாதமும் தரையில் பட, தபதபவென்று ஓடினாள். தசை இறுக்கம் உள்ள பிள்ளைகளுக்கு ஓடும்போது இறுக்கம் கூடும், குறையாது. கடைசியாக வாசலில் கிடந்த அவளுடைய செருப்பைத் திருப்பிப் பார்த்தார். குதிகால் பக்கம் நன்றாகத் தேய்ந்திருந்தது.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒண்ணும் இல்லம்மா. தம்பிக்குப் பிடிச்சுவிடுத மாதிரி இவளுக்கும் ராத்திரி கொஞ்சம் காலைப் பிடிச்சுவிடுங்க" என்றார். அதற்கு மேல் ஒரு விளக்கமும் தரவில்லை. பஸ்ஸில் வரும் வழியில்தான் எனக்கு விளங்கியது. அவள் அந்த நுனிக்கால் நடையைத் தம்பியிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறாள். அவனுக்கு அது என்னவெல்லாம் வாங்கிக் கொடுக்கிறது என்று மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

இந்தக் கதையை எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன். அவளுக்கு இப்போது பதினைந்து. பெயர் போடக் கூடாது, செருப்பு விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும் என்றாள். சரி.

*

மகன் 2015-இல், முப்பதாவது வாரத்தில் பிறந்தான். எடை ஒரு கிலோ முந்நூறு. 38 நாள் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். அந்த 38 நாளும் மகள் என் அம்மாவிடம், அதாவது அவளுடைய ஆச்சியிடம் இருந்தாள். நான் வீட்டுக்கு வந்தபோது அவள் இளைத்திருந்தாள். ஆச்சி சொன்ன முதல் வாக்கியம், "பிள்ளை சவலை பாஞ்சு போச்சுட்டீ" என்பது.

சவலை என்கிற சொல்லை இப்போது அதிகம் பேர் சொல்வதில்லை. அடுத்த குழந்தை வயிற்றில் வந்ததும் பால்குடி மறக்கடிக்கப்பட்டு, ஏங்கி, மெலிந்து, நைநை என்று அழுதுகொண்டிருக்கும் மூத்த பிள்ளைதான் சவலைப்பிள்ளை. உடம்புக் குறையா மனசுக் குறையா என்று அந்தச் சொல் பிரித்துச் சொல்லாது. யாப்பில்கூட இந்தச் சொல் இருக்கிறது. இரண்டாம் அடியில் வர வேண்டிய தனிச்சொல் வராமல் ஒரு சீர் குறைந்து நிற்பதைச் சவலை வெண்பா என்பார்கள். யார் வைத்த பெயரோ, பிள்ளை வளர்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இதே எண்ணம் வேறு இடத்திலும் உண்டு. இன்றைய கானாவில், அன்று அதற்குக் கோல்டு கோஸ்ட் என்று பெயர், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் வேலை பார்த்தார். கைகால் வீங்கி, முடி நிறம் மாறி, எதிலும் பிடிப்பில்லாமல் கிடக்கும் குழந்தைகளை அங்கே பார்த்தார். ஊர்ப் பெண்கள் அந்த நோய்க்குக் கா மொழியில் சொன்ன பெயர் குவாஷியோர்கர். அடுத்த பிள்ளை பிறந்ததும் முந்தின பிள்ளைக்கு வரும் நோய் என்று அர்த்தம். 1935-இல் அவர் அந்தப் பெயரிலேயே அதை மருத்துவ இதழில் எழுதினார். புரதம் போதாத குறை என்று இன்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அந்தப் பெண்கள் சத்தைப் பற்றிப் பேசவில்லை, வீட்டில் யாருடைய இடம் யாருக்குப் போனது என்பதைப் பற்றிப் பேசினார்கள். என் ஆச்சி தலைமுறையும் அப்படித்தான் பேசியது.

மகளுக்குச் சாப்பாட்டில் குறையில்லை, ஆச்சி வீட்டில் குறை வைப்பார்களா! ஆனால் ஐந்து வயதுக்காரி மறுபடி பாயை நனைக்க ஆரம்பித்தாள். 'தண்ணி' என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் 'தண்ணா' என்றாள். நான் பாப்பாவுக்குப் பால் கொடுக்க உட்காரும் நேரம் பார்த்துத்தான் அவளுக்குக் கக்கூஸ் வரும். இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பது. கேம்பிரிட்ஜில் ஜூடி டன், கரோல் கென்ட்ரிக் என்று இரண்டு ஆய்வாளர்கள் 40 வீடுகளுக்கு, இரண்டாவது குழந்தை பிறப்பதற்கு முன்பே போகத் தொடங்கி, பிறந்த பிறகும் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். தம்பியோ தங்கையோ வந்த பிறகு அம்மா மூத்த பிள்ளையோடு சேர்ந்து விளையாடுவது குறைகிறது, அதட்டுவது கூடுகிறது என்பது அவர்கள் கண்டதில் ஒன்று. பொறாமை பிள்ளையின் மனதில் மட்டும் இருப்பதில்லை, வீட்டில் நிஜமாகவே ஏதோ குறைந்திருக்கிறது, பிள்ளை அதைச் சரியாகத்தான் கணக்கெடுக்கிறது என்று இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். அவர்கள் கண்ட இன்னொன்று: ஆரம்ப வாரங்களிலேயே பாப்பாவை ஒரு ஆளாக நினைத்து, "பசிக்குது போல, உன் சத்தம் கேட்டுத்தான் திரும்புறான் போல" என்று மூத்த பிள்ளையிடம் பேசிய வீடுகளில், பின்னால் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

நான் அப்படிப் பேசவில்லை. பேசும் நிலையில் இல்லை. "தொடாதே", "கை கழுவினியா", "மெதுவா" என்ற மூன்று சொற்களில்தான் அந்த நாலைந்து மாதம் மகளோடு பேசினேன் என்று நினைக்கிறேன்.

*

வழக்கமான பொறாமை வழக்கமான வீடுகளில் எப்படித் தணிகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரியவர்கள் சொல்லும் புத்திமதியால் அது தணிவதில்லை. சின்னது தவழ்ந்து வந்து பெரியதின் பென்சிலைப் பிடுங்கும். பெரியது ஒரு அடி போடும். சின்னது தலைமுடியைப் பிடித்து இழுக்கும். அம்மா இரண்டு பேரையும் திட்டுவாள். அந்த இடத்தில் போட்டி சமமாகிவிடுகிறது. அதுவரை ராஜாவாக மடியில் கிடந்தது, தன்னைப்போலத் திட்டு வாங்கும் இன்னொரு பிள்ளையாக இறங்கி வருகிறது. அப்புறம் கூட்டுச் சேர்ந்துகொண்டு பெற்றோரை ஏமாற்றத் தொடங்கிவிடும்.

எங்கள் வீட்டில் சின்னது தவழ்ந்து வரவில்லை. எட்டு மாதம், பத்து மாதம், பிறகு குறைமாதத்தைக் கழித்துக் கணக்குப் போட்டாலும் ஒரு வயது. உட்காரவே ஒன்றரை வயதானது. உச்சிக்குழி வழியாக எடுத்த ஸ்கேனில் மூளையின் நீர்க்குழிகளை ஒட்டி வெள்ளைப் பகுதியில் சேதம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கால்களுக்குப் போகும் நரம்பிழைகள் அந்தக் குழிகளுக்கு மிக அருகில் ஓடுவதால், குறைமாதக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கால்தான் அதிகம் பாதிக்கும், கை அவ்வளவாகப் பாதிக்காது. மகனுக்கும் அப்படித்தான். பேச்சும் புத்தியும் கத்தி மாதிரி.

அப்புறம் வீடு ஒரு அட்டவணைக்குள் போனது. காலையில் நாற்பது நிமிஷம், மாலையில் நாற்பது நிமிஷம் தசையை நீட்டும் பயிற்சி. கெண்டைக்கால், தொடையின் பின்பக்கம், தொடையின் உள்பக்கம். ஒவ்வொன்றையும் நீட்டி, முப்பது எண்ணும்வரை பிடித்து, விட்டு, மறுபடி. நிற்கும் சட்டத்தில் பெல்ட் போட்டு முக்கால் மணி நேரம். கணுக்கால் பட்டை மாட்டுவது, கழற்றிச் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது. திங்களும் வியாழனும் தெரபி. கூட்டினால் தினம் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. அந்த மூன்று மணி நேரமும் என் இரண்டு கையும் அவன் மேல்தான். பாட்டுப் பாடுவேன், கதை சொல்லுவேன், முகத்துக்கு நேரே சிரித்துக் காட்டுவேன். அவன் அழாமல் இருக்க அதெல்லாம் தேவை.

இதை மகளின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். அவள் வாசற்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். எனக்கு அது சிகிச்சை. அவளுக்கு, அம்மா ஒருத்தனை மட்டும் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் கொஞ்சுகிறாள்.

இதைச் சொல்லவும் அவளால் முடியாது. தம்பி பிறந்த புதிதில் "இவனைத் திருப்பிக் கொடுத்துரு" என்று ஒருமுறை சொன்னாள், எல்லாரும் சிரித்தோம். அவனுக்கு இப்படி என்று தெரிந்த பிறகு அதே வாக்கியத்தைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஆச்சி முகம் மாறி, "அப்படிச் சொல்லாத, பாவம்" என்றாள். 'பாவம்' என்ற அந்தச் சொல்லுக்குப் பிறகு மகள் ஒன்றுமே சொல்லவில்லை. தம்பியோடு சண்டை போடவில்லை. பொம்மையைக் கேட்டால் உடனே கொடுத்துவிடுவாள். தானே சாப்பிட்டு, தானே குளித்து, தானே பின்னல் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். தங்கமான பிள்ளை என்று தெரு முழுக்கச் சொன்னது. நானும் அதை நம்பி நிம்மதியாக இருந்தேன்.

இப்போது என்னிடம் யாராவது 'மூத்தது எங்களுக்குத் தொந்தரவே தரலை' என்று சொன்னால், உடனே நான் ஒன்று கேட்பேன்: வயிற்றுவலி வருகிறதா? எங்கள் வீட்டில் வந்தது. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும். பூச்சி மருந்து கொடுத்தோம், சோம்புத் தண்ணீர் கொடுத்தோம். தெரபி நாள்களில் மட்டும் வருகிறது என்பது காலண்டரைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. விடுமுறையில் தெரபி மையம் பத்து நாள் மூடியிருந்தபோது ஒருநாள்கூட வலிக்கவில்லை. அவள் நடிக்கவில்லை, வலி நிஜம்தான். ஒரு பிள்ளை பெரிதாக எதையும் உடைக்காது, கத்தாது, ஆனால் உடம்பு மட்டும் கிழமை பார்த்துப் பேசும் என்றால் அது கவனிக்க வேண்டிய விஷயம். நான் கவனிக்காததால்தான் வயிற்றிலிருந்து காலுக்கு வந்தது.

*

பிசியோ அக்கா சொன்னபடி அன்று இரவே தேங்காய் எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு அவள் பாயில் உட்கார்ந்தேன். "எதுக்கு?" என்றாள். "சும்மா" என்றேன். கெண்டைக்காலில் கை வைத்ததும் தம்பிக்குச் சொல்வதுபோல "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணச் சொன்னாள். எண்ணினேன். முப்பது வந்ததும் "இன்னொரு தரம்" என்றாள். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, நுனிக்கால் நின்றுவிட்டது. எண்ணெய் நிற்கவில்லை.

அந்த எண்ணெய் நேரத்தில்தான், விளக்கை அணைத்த பிறகு, ஒருநாள் கேட்டாள்: "நான் உன் வயித்துல குதிச்சேன்ல, அதுலதானா அவனுக்கு இப்படி ஆச்சு?"

நான் ஆறு மாத வயிற்றோடு கட்டிலில் படுத்திருந்தபோது ஒருமுறை ஓடிவந்து மேலே விழுந்திருக்கிறாள். எனக்கு அது ஞாபகமே இல்லை. நான் 'ஆ' என்று கத்தினேனாம். அதிலிருந்து கொஞ்ச நாளில் தம்பி சீக்கிரமே பிறந்துவிட்டான். அப்புறம் அவன் கால் சரியில்லை. ஐந்து வயது மனசு இந்த மூன்றையும் கோர்த்துவிட்டது. மூன்று வருஷம் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். 'இவன் வேண்டாம்' என்று நினைத்ததும் அவள்தான், அவனுக்குக் கேடு செய்ததும் அவள்தான் என்று தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டாள். பிறகு பொறாமையை எப்படி வெளியே காட்டுவாள்?

அதுவரை அவளுக்கு நாங்கள் சொன்ன ஒரே விளக்கம், "தம்பிக்குக் கால் கொஞ்சம் சரியில்லை, சரியாயிடும்" என்பது. இரண்டு தப்பு அதில். காரணம் சொல்லவில்லை, அதனால் அவளே ஒன்றைச் செய்துகொண்டாள். சரியாகிவிடும் என்றோம், அதனால் அவள் காத்திருந்தாள். சரியானதும் தன் முறை வரும் என்று.

மறுநாள் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன். தண்ணீர்ப் பைக்குள் மிதக்கும் பாப்பாவுக்கு வெளியே நீ விழுந்தது தெரிந்திருக்காது. அவன் சீக்கிரம் பிறந்ததால் மூளைக்குள் இருக்கும் மெல்லிய இடம் ஒன்றில் அடிபட்டது. காலுக்கு 'மடங்கு, நீளு' என்று சேதி கொண்டுபோகும் ஒயர் அந்த வழியாகத்தான் போகிறது. சேதி பாதிதான் போகிறது, அதனால் கால் இறுகுகிறது. இது ஒட்டிக்கொள்ளாது. உனக்கு வராது. முழுக்கச் சரியாகவும் ஆகாது. ஆனால் நடக்கப் பழகலாம், அதற்குத்தான் பயிற்சி. நீ நினைத்ததாலோ சொன்னதாலோ செய்ததாலோ எதுவும் நடக்கவில்லை.

"முழுக்க ஆகாதா?" என்று அதை மட்டும் திருப்பிக் கேட்டாள். ஆகாது என்றேன். கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம், "அப்போ எக்ஸர்சைஸ் எப்பவும் இருக்குமா?" என்றாள். அந்தக் கேள்வியில் தம்பி மேல் வருத்தம் எவ்வளவு, தன் மேல் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்தது.

*

அடுத்து நான் செய்தது ஒரு தப்பு. நல்லெண்ணத்தில் செய்த தப்பு. அவளையும் பயிற்சியில் சேர்த்துக்கொண்டேன். முப்பது எண்ணுவது அவள் வேலை, பந்து உருட்டுவது அவள் வேலை. "குட்டி டாக்டர்" என்று பட்டம் வேறு. ஒரு மாதம் சந்தோஷமாகச் செய்தாள். பிறகு பார்த்தால், தோழி விளையாடக் கூப்பிட்டாலும் போகாமல் மாலை ஐந்து மணிக்கு வந்து நிற்கிறாள். முகத்தில் சிரிப்பு இல்லை. என் பக்கத்தில் இருக்க வேண்டுமென்றால் வேலை செய்தாக வேண்டும் என்று புரிந்துகொண்டிருக்கிறாள். கூலிக்கு அன்பு. பிசியோ அக்காதான் இதையும் கண்டுபிடித்தார். "அவ வந்தா வரட்டும், வராட்டி விட்டுருங்க. வராத அன்னைக்கும் அதே மாதிரி பேசுங்க" என்றார். முதல்முறை அவள் வராமல் போன அன்று, ஓரக்கண்ணால் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

பிறகு மாடி. எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குப் பதினேழு படி. இரவு சாப்பிட்டதும் நானும் அவளும் மட்டும் மேலே போவது என்று ஏற்பாடு. முதலில் அரை மணி நேரம் என்று சொல்லி வைத்தேன். முதல் வாரமே தோற்றேன். தம்பிக்குக் காய்ச்சல் என்று ஒருநாள், பட்டை உரசிப் புண்ணானது என்று ஒருநாள், விருந்தாளி என்று ஒருநாள். ரத்தாகும் ஒவ்வொரு முறையும், தம்பிதான் முக்கியம் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிற்று. இல்லாத நேரத்தைவிட, தருவதாகச் சொல்லிப் பிடுங்கிய நேரம் மோசம்.

அதனால் பத்து நிமிஷமாகக் குறைத்தேன். எப்படிப்பட்ட நாளிலும் பத்து நிமிஷம் என் வீட்டுக்காரர் கீழே சமாளிக்க முடியும். காய்ச்சல் 102 இருந்தாலும் முடியும். போன் கீழேயே இருக்கும். மேலே என்ன செய்வது என்று அவள்தான் முடிவு செய்வாள். நான் கேள்வி கேட்கக் கூடாது, பாடம் சொல்லக் கூடாது, தம்பியைப் பற்றி நானாகப் பேசக் கூடாது. முதல் நாள்களில் அவள் வெறுமனே தண்ணீர்த்தொட்டியைச் சுற்றி ஓடுவாள், நான் எண்ண வேண்டும். ஒருமுறை, "எனக்கு அவனைப் பிடிக்கல" என்றாள். "அப்படிச் சொல்லாதே" என்பது நாக்கு நுனி வரை வந்தது. "ம், சில நாள் அப்படித்தான் இருக்கும்" என்றேன். அதற்குப் பிறகு இறங்கும்போது, எட்டாவது படியில் நின்று, "அவன் இன்னைக்கு ஜோக் சொன்னான், கேக்கியா?" என்றாள்.

*

இதெல்லாம் செய்தபிறகு பொறாமை போய்விட்டது என்று நினைத்தால் அது பொய். அடுத்த வருஷம் மகனுக்குக் கெண்டைக்கால் நீள வேண்டும் என்று இரண்டு காலிலும் மாவுக்கட்டுப் போட்டார்கள். வாரம் ஒருமுறை பிரித்து, பாதத்தை இன்னும் கொஞ்சம் மேலே கொண்டுவந்து, மறுபடி கட்டுவது. மூன்று வாரம். சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். மாவுக்கட்டின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைந்தார்கள். ரிமோட் கார், பால்கோவா, பேசும் பொம்மை எல்லாம் வந்து குவிந்தன. ஒருவர்கூட அவளுக்கு என்று ஒரு மிட்டாய் கொண்டுவரவில்லை. அவள் ஒன்பது வயதில் தன் முழங்கையில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் இந்தமுறை ஒளித்து வைக்கவில்லை. வந்திருந்த சித்தப்பாவிடம் நேராகவே, "எனக்கு என்ன வாங்கிட்டு வந்தீங்க?" என்றாள். ஆச்சி கூசிப்போனாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்து வருகிறவர்களிடம் போனிலேயே சொல்லிவிட்டேன், கொண்டுவந்தால் இரண்டு பேருக்கும், இல்லையென்றால் வெறுங்கையோடு வாருங்கள் என்று.

ஆச்சியோடுதான் பெரிய போராட்டம். மகன் நாலு வயதில் அக்காவின் டிராயிங் நோட்டைக் கிழித்தான். வேண்டுமென்றே. கை நன்றாக வேலை செய்யும், புத்தியும் இருக்கிறது, பொறாமையும் இருக்கும்தானே. நான் அவனை அதட்டி, ஒட்டவைக்கச் சொன்னேன். "கால் இல்லாத பிள்ளையைப் போய்" என்று ஆச்சி அழுதாள். அவன் அரைமணி நேரம் பசையோடு மல்லுக்கட்டி ஒட்டினான், கோணல்மாணலாக. மகள் அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறாள். அன்றைக்கு அவன் திட்டு வாங்கியதைப் பார்த்தபோது அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்துத்தான், நாலு வருஷமாக அவள் எதற்குக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரிந்தது. அவர்களுடைய முதல் அடிதடி அதற்கு அடுத்த வாரம் நடந்தது.

தெரபி மைய வராந்தாவையும் சொல்ல வேண்டும். உள்ளே தம்பி தங்கைகளுக்குப் பயிற்சி நடக்கும்போது, கூட வந்த பிள்ளைகள் நாலைந்து பேர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் ஜன்னல் வழியே கேட்டது. ஒரு பையன் இவளிடம், "உன் ஆளுக்கு என்ன?" என்றான். "கால்." "என் அண்ணன் பேச மாட்டான். என் நோட்டைத் தின்னுருவான்." "தின்னுருவானா?" "நெசமா. ஹோம்வொர்க் தின்னுட்டான்னு சொன்னா டீச்சர் அடிக்காங்க." இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வீட்டில் யாரும் சிரிக்கத் துணியாத விஷயத்தைப் பற்றிய சிரிப்பு அது. அமெரிக்காவின் சியாட்டிலில் டான் மேயர் என்பவர் 1982-இல் இப்படிப்பட்ட உடன்பிறப்புகளுக்கென்றே 'சிப்ஷாப்' என்ற கூடுகையைத் தொடங்கினார் என்று பிற்பாடு படித்தேன். விளையாட்டு, தீனி, நடுநடுவே பேச்சு, அவ்வளவுதான் அதன் அமைப்பு. எங்கள் ஊரில் அதற்கு ஒரு பெஞ்ச் போதுமாக இருந்தது. அதன் பிறகு வியாழக்கிழமைகளில் அவளுக்கு வயிறு வலிக்கவில்லை. திங்கட்கிழமை கொஞ்ச காலம் வலித்தது. அந்தப் பையன் திங்கட்கிழமை வரமாட்டான்.

பன்னிரண்டு வயதில் பேச்சு வேறு மாதிரி மாறியது. கல்யாண வீடுகளில் யாராவது அவள் தலையைத் தடவி, "அம்மா அப்பாவுக்கு அப்புறம் நீதான் தம்பியைப் பாத்துக்கணும்" என்பார்கள். மாடியில் ஒருநாள் கேட்டாள்: "அதை எழுதி வச்சிருக்கீங்களா?" எழுதவில்லை என்றேன். அவன் கணக்குப் போடுகிறான், வாதாடுகிறான், பதினெட்டு வயதானதும் அவனுக்கு அவனே முடிவெடுப்பான், பாதுகாவலர் என்று ஒருவர் சட்டப்படி தேவைப்படாமலே போகலாம். தேவைப்படும் பிள்ளைகளுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது, மாவட்ட அளவில் ஒரு குழு அதை முடிவு செய்யும், அதற்கும் உன் சம்மதம் வேண்டும், தானாக உன் தலையில் விழாது என்று சொன்னேன். பணத்துக்கு நாங்கள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம், எந்த வங்கியில், எவ்வளவு என்றும் சொன்னேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இதையெல்லாம் பேசலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். கல்யாண வீட்டில் பேசுகிறார்களே, நாம் விவரத்தோடு பேசினால் என்ன?

"சரி, அப்போ நான் சென்னைக்குப் படிக்கப் போலாமா?" என்று அவள் கேட்டது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

*

போன மாதம் இரண்டு பேருக்கும் ரிமோட்டுக்காகச் சண்டை. அவன் வாக்கரால் அவள் முழங்காலில் இடித்தான், அவள் திருப்பி ஒன்று வைத்தாள். இரண்டு பேரையும் திட்டினேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். அவன் மட்டும் விசும்பிக்கொண்டே இருந்தான். பத்து வயதாகிறது, இப்படி அழுகிற பையன் இல்லை. என்னடா என்றேன்.

"நீ அவளைத்தான் மாடிக்குக் கூட்டிட்டுப் போற. தினமும். எனக்குத் தெரியும், மேல பேசிச் சிரிக்கிற சத்தம் கேக்கும். நான் படி எல்லாம் எண்ணி வச்சிருக்கேன். பதினேழு."

ஏழு வருஷமாக அவன் கீழே இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். மாடியை நான் தேர்ந்தெடுத்ததே அவனால் ஏறி வர முடியாது என்பதற்காகத்தான்.

அன்று இரவு மேலே போனதும் மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவனைத் தூக்கிக்கொண்டு வரலாமா, வாரத்தில் ஒருநாள் மூன்று பேருமாக, என்று இழுத்தேன். தொட்டி மேல் சாய்ந்துகொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"வேண்டாம்மா. மாடி என்னோடது. அவனுக்குக் கீழ வேற ஏதாவது இடம் பாரு."

இப்போது அவனுக்கு வாசல் திண்ணை. சாயங்காலம் ஆறரைக்கு, பத்து நிமிஷம். அந்த நேரத்தில் அவள் வெளியே வந்தால், "அம்மா, இவளை உள்ள போகச் சொல்லு" என்கிறான்.